சர்க்கரை நோட்டு: ஓர் இறப்பு க்ளெய்மும் மூன்று கடிதங்களும்

2019 பிப்ரவரி 9 அன்று சென்னிமலையைச் சேர்ந்த ஒரு கைத்தறி நெசவாளர் மாரடைப்பில் இறந்துபோனார். வயது 44. அப்போது நான் ஈரோட்டில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில், க்ளெய்ம் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த வீட்டுக்கு நான் எழுதிய கடிதங்களைப் பற்றித்தான் இது. யாருடைய பெயரையும் சொல்லப் போவதில்லை.

முதலில் பாலிசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் புரியாது. அவர் 2011 மே மாதம் இரண்டு லட்சம் ரூபாய்க்கு இருபது வருட பாலிசி எடுத்திருந்தார். அரை வருடத்துக்கு ஒரு தவணை. பதினொரு தவணை ஒழுங்காகக் கட்டினார். 2016 நவம்பரில் கட்ட வேண்டியதைக் கட்டவில்லை, அடுத்த மே மாதமும் கட்டவில்லை. சலுகை நாட்களும் கடந்து பாலிசி காலாவதியானது. 2017 நவம்பர் 20 அன்று விட்டுப்போன தவணைகளை வட்டியோடு கட்டி, தமக்கு எந்த நோயும் இல்லை என்று ஒரு உடல்நலப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பாலிசியைப் புதுப்பித்தார். அதன் பிறகு ஒரு தவணை கூடத் தவறவில்லை.

இந்தப் புதுப்பித்தலில்தான் சிக்கல். 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, பாலிசிக்கு மூன்று வருடம் கடந்துவிட்டால் எந்தக் காரணத்தைக் காட்டியும் நிறுவனம் அதைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது. 2015 திருத்தம் கொண்டுவந்த பாதுகாப்பு அது. ஆனால் இடையில் பாலிசியைப் புதுப்பித்திருந்தால், அந்த மூன்று வருடம் புதுப்பித்த தேதியிலிருந்து மறுபடி எண்ணப்படும். குடும்பத்துக்கு அது எட்டு வருடப் பழைய பாலிசி. எங்கள் மேஜையில் அது பதினைந்து மாதப் பாலிசி. இந்த வித்தியாசத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

மார்ச் 6-ஆம் தேதி மனைவி க்ளெய்ம் படிவம் கொடுத்தார். கூடவே இறப்புச் சான்றிதழ், பாலிசி பத்திரம், வங்கிப் புத்தக நகல், அவர் கடைசியாகச் சேர்க்கப்பட்ட மருத்துவமனையின் சுருக்க அறிக்கை. அந்த அறிக்கையில் ஒரு வரி இருந்தது: நோயாளிக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை நோய். 2019-லிருந்து மூன்று வருடம் பின்னால் போனால் 2016. புதுப்பித்தது 2017-இல். அப்படியானால் படிவத்தில் அவர் எழுதியது பொய்யா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஃபைலை மேலே அனுப்ப முடியாது. அதனால் மார்ச் 19 அன்று, கணினியில் இருந்த மாதிரிக் கடிதத்தை எடுத்து, பெயரையும் பாலிசி எண்ணையும் மாற்றி அனுப்பினேன்.

> மேற்கண்ட பாலிசியின் கீழான இறப்புக் கோரிக்கை தொடர்பாகத் தங்களால் சமர்ப்பிக்கப்பட்ட ஆவணங்கள் பரிசீலிக்கப்பட்டதில், புதுப்பித்தலின்போது முக்கியத் தகவல்கள் மறைக்கப்பட்டுள்ளனவா என்பதை உறுதிசெய்யும் பொருட்டு, ஆயுள் காப்பீடு பெற்றவரின் மரணத்திற்கு முந்தைய மூன்றாண்டு காலத்திய சிகிச்சை ஆவணங்கள், பணியளித்தவர் சான்று மற்றும் மருத்துவ விடுப்பு விவரங்கள் ஆகியவற்றைச் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. தவறும் பட்சத்தில் கோரிக்கை மேல்நடவடிக்கையின்றி முடித்துவைக்கப்படும்.

இதில் தவறான தகவல் எதுவும் இல்லை. விதிப்படி பதினைந்து நாளுக்குள் கேள்வியை அனுப்பியாகிவிட்டது. அடுத்த ஃபைலை எடுத்தேன்.

ஏப்ரல் 11, வியாழக்கிழமை. தேர்தல் பிரசார வண்டிகள் தெருவை நிறைத்துக்கொண்டிருந்த மத்தியான நேரத்தில் அந்த அம்மாள் வந்தார். கூட பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த மகள். மஞ்சப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். மடித்த இடமெல்லாம் நைந்திருந்தது.

“பணம் இல்லீன்னு எழுதியிருக்குதுங்களா அம்மிணி? மளிகைக் கடைத் தம்பி அப்படித்தான் சொன்னாப்ல. இல்லீன்னா இல்லீன்னு சொல்லீருங்க, பரவால்லீங்க.”

அப்படி எழுதவில்லை அக்கா என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மகளிடம், “நீ படி கண்ணு” என்றார்.

அந்தப் பெண் சத்தமாகப் படித்தாள். “காலத்திய” என்ற சொல்லில் நின்று, மறுபடி ஆரம்பித்தாள். “ஆயுள் காப்பீடு பெற்றவரின்” என்று படித்துவிட்டு, “அப்பாவைத்தானே சொல்றீங்க?” என்று கேட்டாள். பணியளித்தவர் சான்று என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். “அப்பாவுக்கு முதலாளியெல்லாம் கிடையாதுங்களே அக்கா. வீட்லதான் தறி. சொசைட்டிக்குப் போர்வை நெய்து குடுப்பாரு. யாருகிட்டப் போய் வாங்கறது?” கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தாள். பிறகு முதல் வரிக்குத் திரும்பிப் போய், “மறைக்கப்பட்டுள்ளனவா” என்ற சொல்லில் விரலை வைத்தாள்.

“அப்பா பொய் சொன்னாருன்னு எழுதியிருக்கீங்களா?”

நான் எழுதிய கடிதத்தை நான் ஒரு நாளும் வாய்விட்டுப் படித்ததில்லை. அதை இறந்தவருடைய மகளின் குரலில் கேட்ட பிறகுதான் அதில் என்னென்ன இல்லை என்று தெரிந்தது. பணம் வருமா வராதா என்று இல்லை. எதற்காக இந்தக் கேள்வி என்று இல்லை. 2017 என்ற வருடமே இல்லை. சர்க்கரை என்ற சொல்லே இல்லை. அவர்களிடம் எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு தேதி. அதைக் கேட்காமல் மற்ற எல்லாவற்றையும் கேட்டிருந்தேன்.

அன்றைக்கு வாயால் விளக்கிச் சொன்னேன். அம்மாள் தலையாட்டினார். ஆனால் என்ன கொண்டுவர வேண்டும் என்று மகளிடம் கேட்டபோது, “ஆஸ்பத்திரிச் சீட்டு” என்றாள். அது ஏற்கெனவே எங்களிடம் இருந்தது. துக்க வீட்டிலிருந்து வந்தவருக்கு வாயால் சொன்னது பஸ் ஏறும் வரைகூட நிற்பதில்லை. புதிதாக ஒரு கடிதம் அனுப்புகிறேன், முன்னதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

சித்திரை முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதைத் திங்கட்கிழமை பிரிவு அதிகாரியிடம் காட்டினேன். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த மனிதர், அதிகம் பேச மாட்டார். என் கடிதம் இப்படித் தொடங்கியது: “ஈடுசெய்ய முடியாத தங்கள் பேரிழப்பில் எங்கள் நிறுவனக் குடும்பமே கண்ணீரோடு பங்கெடுத்துக்கொள்கிறது.” இரண்டாவது பத்தியில், “கவலைப்படாதீர்கள், உங்களுக்குச் சேர வேண்டிய முழுத் தொகையும் விரைவில் கிடைத்துவிடும்” என்று இருந்தது.

அவர் முதல் வரியை அடித்தார். “இத யாரு நம்புவா? அவங்க வீட்டு ஆள் போயிருக்காரு. நாம அழுதோமா?” இரண்டாவதை அடிக்கும்போது பேனாவை அழுத்தியே அடித்தார். “இந்த வரிய நம்பி அந்தம்மா நாளைக்கே கடன் வாங்குவாங்கம்மா. முழுசா கிடைக்கும்னு உனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. புதுப்பித்தல் செல்லாது என்று முடிவானால், பாலிசி 2016-இலேயே நின்றுபோனதாகக் கணக்கு. நாற்பது தவணையில் பதினொன்றுதான் கட்டியிருக்கிறார். இரண்டு லட்சத்தில் நாற்பதில் பதினொரு பங்கு, அதாவது 55,000 ரூபாயும், நிற்பதற்கு முன் சேர்ந்த போனசும்தான் வரும். புதுப்பித்தல் செல்லும் என்றால் முழு இரண்டு லட்சமும் மொத்த போனசும் வரும். அந்த வீட்டுக்கு இது ஒரு மகளின் மேற்படிப்பு. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதியதைத்தான் நான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரம் கழித்து 55,000 மட்டும் போயிருந்தால், என் முதல் கடிதத்தைவிட இந்தக் கடிதம்தான் அவர்களை அதிகம் நோகடித்திருக்கும்.

அப்புறம் இன்னொரு விஷயத்தில் எங்களுக்குள் வாதம் வந்தது. எதற்காகத் தேதி கேட்கிறோம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தேன். அவர் யோசித்தார். “காரணத்தச் சொல்லிட்டா, எதிரா இருக்கற சீட்ட எடுத்து ஒளிச்சு வச்சிருவாங்களே?” நியாயமான கேள்விதான். எங்கள் மாதிரிக் கடிதங்கள் எல்லாம் மூடலாக எழுதப்பட்டிருப்பதற்கு உண்மையான காரணமே அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் எப்படியும் விசாரணை அலுவலர் ஒருவர் நேரில் போவார். ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடு, மருந்துக் கடை, அக்கம்பக்கம் எல்லாம் பார்ப்பார். வீட்டில் ஒரு சீட்டை ஒளித்தாலும் பதிவேட்டில் இருப்பது இருக்கும். காரணத்தைச் சொல்லாமல் விட்டால் பொய் சொல்கிறவர் அகப்படுவதில்லை, உண்மையான ஆதாரம் வைத்திருப்பவர்தான் அதைக் கொண்டுவராமல் போகிறார். இதை இவ்வளவு தெளிவாக அன்று நான் சொல்லவில்லை, திக்கித் திணறித்தான் சொன்னேன். அவர், “சரி, எழுது” என்றார்.

ஏப்ரல் 15 அன்று போன கடிதம் இது. பெயர்களை மட்டும் விட்டிருக்கிறேன்.

> வணக்கம்.
>
> உங்கள் கணவர் பிப்ரவரி 9 அன்று காலமானதை அறிந்து வருந்துகிறோம்.
>
> உங்கள் க்ளெய்மை நாங்கள் மறுக்கவில்லை. இன்னும் முடிவும் எடுக்கவில்லை. முடிவெடுக்க எங்களுக்கு ஒரு விவரம் தேவைப்படுகிறது.
>
> உங்கள் கணவர் 2017 நவம்பர் 20 அன்று பாலிசியைப் புதுப்பித்தார். அன்று தமக்கு எந்த நோயும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மருத்துவமனை அறிக்கையில் அவருக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை நோய் இருந்ததாக எழுதியிருக்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. எது சரி என்று பார்க்க, அவருக்குச் சர்க்கரை இருப்பது முதன்முதலாகத் தெரியவந்த தேதி எங்களுக்கு வேண்டும்.
>
> அந்தத் தேதி தெரியும்படி உங்களிடம் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டாக இருக்கலாம், டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டாக இருக்கலாம், அரசு சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கும் நோட்டாகவும் இருக்கலாம். படியெடுத்துக்கொண்டு அப்போதே உங்கள் கையில் திருப்பித் தருவோம். எதுவுமே இல்லை என்றால், அவர் எங்கே மாத்திரை வாங்கினார் என்று மட்டும் சொல்லுங்கள். நாங்கள் அங்கே விசாரித்துக்கொள்கிறோம்.
>
> பணியளித்தவர் சான்று தேவையில்லை. முன் கடிதத்தில் அதைக் கேட்டது எங்கள் தவறு.
>
> எங்கள் அலுவலர் ஒருவர் உங்கள் வீட்டுக்கும் வருவார். ஜூன் 4-ஆம் தேதிக்குள் விசாரணையை முடித்து, அதிலிருந்து 30 நாளுக்குள் எங்கள் முடிவை எழுத்தில் தெரிவிப்போம். இதற்காக நீங்கள் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை.

கீழே என் பெயரும் பிரிவின் நேரடித் தொலைபேசி எண்ணும். அதுவரை நாங்கள் கடிதத்தில் பெயர் போட்டதில்லை, கிளை மேலாளருக்காக என்று ஒரு கிறுக்கல்தான் இருக்கும்.

அந்த ஜூன் 4 நானாகப் போட்ட தேதி இல்லை. விசாரணை தேவைப்படும் இறப்பு க்ளெய்மில், தகவல் வந்த 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும், அதன் பிறகு 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று 2017-இல் வந்த ஒழுங்குமுறை விதி சொன்னது. மார்ச் 6-லிருந்து எண்ணினால் ஜூன் 4. இந்தக் கணக்கு எங்கள் எல்லோருக்கும் தெரியும், அலுவலகச் சுவரில்கூட ஒட்டியிருந்தது. அந்தத் தேதி யாருக்கு உண்மையில் தேவையோ அவர்களுக்கு மட்டும் நாங்கள் எழுதியதில்லை. எழுதினால் அது நம்மைப் பிடித்துக்கொள்ளும் என்ற தயக்கம். இப்போது விதிகள் மாறி, அந்த நாட்கள் இன்னும் குறைந்துவிட்டன.

ஏப்ரல் 22, திங்கட்கிழமை காலை இருவரும் வந்தார்கள். மகள் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டுதான். அட்டையில் எண்ணெய்க் கறை. உள்ளே மாதத்துக்கு ஒரு வரி: தேதி, சர்க்கரை அளவு, எத்தனை மாத்திரை கொடுத்தார்கள் என்று. சுகாதார நிலையச் செவிலியரின் கையெழுத்து, பக்கத்தில் முத்திரை. முதல் வரி 2018 மார்ச் 7. வெறும் வயிற்றில் 196. அதற்கு மேலே, “புதிது” என்று ஒரு சொல்.

“இதையுமா கேப்பீங்க?” என்றார் அந்த அம்மாள். “இது வெறும் மாத்திரை நோட்டுன்னு அலமாரில சாமி படத்துக்குப் பின்னால போட்டு வெச்சிருந்தனுங்க. பாப்பாதான் லெட்டரைப் படிச்சுட்டு, நோட்டுன்னு போட்டிருக்குதும்மான்னு தேடி எடுத்தா.”

முதல் கடிதத்தில் “சிகிச்சை ஆவணங்கள்” என்று கேட்டிருந்தேன். அந்த வீட்டில் ஆவணம் என்றால் நிலப் பத்திரம், ரேஷன் கார்டு. நாற்பது பக்க நோட்டு யாருக்கும் ஆவணமாகத் தோன்றாது. இந்த க்ளெய்மில் எல்லாம் திரும்பியது அந்த ஒரு சொல்லில்தான்.

மருத்துவமனை அறிக்கையில் மூன்று வருடம் என்று எப்படி வந்தது என்பதையும் மகள்தான் சொன்னாள். இரவில் அவசரமாகக் கொண்டுபோனபோது கூட வந்தவர் கரூரில் இருக்கும் சித்தப்பா. சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அவர் குத்துமதிப்பாக, “ஒரு மூணு வருஷம் இருக்குமுங்க” என்றிருக்கிறார். டாக்டருக்கு அப்போது வேண்டியது சிகிச்சை கொடுப்பதற்கான தகவல், அவர் எழுதிக்கொண்டார். அவசரப் பிரிவில் உறவினர் சொல்லி எழுதிய நோய் வரலாற்றை மட்டும் வைத்து ஒரு க்ளெய்மை மறுப்பது அதனால்தான் பலவீனமான அடிப்படை. முதல் பரிசோதனைத் தேதியோ, மருந்து தொடங்கிய சீட்டோ அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

விசாரணை அலுவலர் சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தார். அதிலும் 2018 மார்ச் 7. அதற்கு முன் அவர் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. அவர் உடம்பில் சர்க்கரை அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருக்கலாம், 196 ஒரே நாளில் வருவதில்லை. ஆனால் படிவம் கேட்டது அவருக்குத் தெரிந்திருந்ததைத்தான். தெரியாத ஒன்றை ஒருவர் மறைக்க முடியாது. கோட்ட அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது. ஜூன் 18 அன்று முழுத் தொகையும் போனசுமாக 2,60,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் அந்த அம்மாளின் கணக்கில் ஏறியது.

அதன் பிறகு கடிதம் எழுதுவதில் நான் விடாமல் செய்தது இரண்டுதான். வருகிறவர்கள் படிக்கும் வேகத்தில் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். ஒவ்வொரு ஆவணத்தின் எதிரிலும், இது இந்த வீட்டில் இருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்வேன். நாமினி இருக்கும் பாலிசிக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டு, தாலுகா அலுவலகத்துக்கு வீணாக அலையவிட்ட கடிதங்கள் எங்கள் பழைய ஃபைல்களில் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. மாதிரிக் கடிதத்தில் இருந்த பட்டியலை அப்படியே விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதே வருடம் ஆகஸ்டில் மறுப்புக் கடிதம் ஒன்றையும் நான் எழுத வேண்டியிருந்தது. வேறு ஊர், வேறு குடும்பம். புதுப்பிப்பதற்கு நான்கு மாதம் முன்பே புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கியதற்கு, இறந்தவரே கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் உட்பட எல்லாம் இருந்தது. அதை மென்மையாக்கச் சொற்கள் தேடிப் பார்த்தேன். “வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்” என்று மூன்று வரி சுற்றிக்கொண்டு போனால், படிக்கிறவர் நாலாவது வரி வரை நம்பிக்கையோடு வருவார். அது கொடுமை. அதனால் இரண்டாவது வரியிலேயே எழுதினேன்: முழுக் காப்பீட்டுத் தொகையை எங்களால் தர இயலாது. அடுத்து, எந்தத் தேதியில் எந்த மருத்துவமனையின் எந்தத் தாள் என்று காரணத்தை எழுதி, நகலும் இணைத்தேன். அடிப்படையையும் ஆதாரத்தையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 45-ஆவது பிரிவே சொல்கிறது. புதுப்பிப்பதற்கு முந்தைய பகுதிக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கை எழுதினேன். கடைசியாக, இந்த முடிவை ஏற்காவிட்டால் முதலில் எங்களுக்கே எழுதலாம், அதிலும் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் முறையிடலாம் என்று முகவரியோடு எழுதினேன்.

மகன் கோபமாக வந்தார். ஆனால் கையில் அந்த நகல் இருந்தது, அந்தத் தேதியைப் பற்றித்தான் வாதிட்டார். என்னால் பதில் சொல்ல முடிந்தது. குறைதீர்ப்பாளரிடம் போகப் போவதாகச் சொன்னார். போங்கள், எந்தெந்தத் தாள் வைக்க வேண்டும் என்று நானே எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியும் கொடுத்தேன்.

நோட்டு விஷயத்தை முடிக்காமல் விட்டுவிட்டேன். ஏப்ரல் 22 அன்று நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படியெடுத்தேன். அசலைக் கோட்ட அலுவலகம் பார்க்க விரும்பலாம், ஃபைலிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை வந்தது. அப்படி வைப்பதுதான் வழக்கம். ஆனால் கடிதத்தில் அப்போதே திருப்பித் தருவோம் என்று எழுதியிருந்தேன். பிரிவு அதிகாரி நகல்களில் அசலைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, நோட்டை என்னிடம் நீட்டினார்.

அந்த அம்மாள் அதை வாங்கி, கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பினார். பிப்ரவரி 4. அவர் இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு. பக்கத்தின் ஓரத்தில், செவிலியரின் எழுத்து இல்லாமல் வேறு எழுத்தில், “அடுத்த மாசம் 4, காலைல சாப்பிடாம போகோணும்” என்று இருந்தது.

“இது அவரு எழுதினதுங்க” என்றார்.